சேமித்த கார்டு எண்ணுக்குப் பதில் டோக்கன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கன், டோக்கன் என்கிறார்கள். என் கார்டு எண்ணை உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

இணையக் கடையின் தரவுத்தளத்தில் உங்கள் கார்டு எண் இருக்க வேண்டிய இடத்தில், பார்ப்பதற்குக் கார்டு எண் போலவே இருக்கும் வேறொரு எண்ணை வைத்துவிடுகிறார்கள். அதுதான் டோக்கன். எந்த டோக்கன் எந்தக் கார்டுக்கு உரியது என்ற பதிவு கடையிடம் இருக்காது. விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க்கோ கார்டு கொடுத்த வங்கியோ அதைத் தன் பெட்டகத்தில் வைத்திருக்கும்.

முன்பெல்லாம் ஒரு கடையின் பதிவில் ஒரு வாடிக்கையாளருக்கான வரி ஏறக்குறைய இப்படி இருக்கும். கீழே இருப்பது மென்பொருள் எழுதுகிறவர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் எண்; யாருடைய கார்டும் அல்ல.

```
card_number  = 4111111111111111
expiry       = 12/29
```

டோக்கன் வந்த பிறகு அதே வரி இப்படி மாறும். டோக்கன் எண் நான் உதாரணத்துக்குப் போட்டது.

```
token        = 4999901234567802
token_expiry = 08/31
last4        = 1111
```

டோக்கனும் 16 இலக்கம்தான். அதற்கும் தனியாக ஒரு காலாவதித் தேதி உண்டு. கார்டு எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைச் சரிபார்க்க உதவும் இலக்கம் என்பது தெரிந்திருக்கலாம். அந்தக் கணக்கில் டோக்கனும் தேறும். இப்படி அச்சு அசலாக வைத்ததற்குக் காரணம், உலகம் முழுக்க ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளையும் வங்கிக் கணினிகளையும் பிரித்துப் போடாமல் வேலை நடக்க வேண்டும் என்பதுதான். ஆனால் டோக்கனின் ஆரம்ப இலக்கங்கள் டோக்கன்களுக்கென்றே ஒதுக்கிய வரிசையிலிருந்து வரும். அதனால் நெட்வொர்க் பார்த்த மாத்திரத்தில் ‘இது கார்டு இல்லை, டோக்கன்’ என்று தெரிந்துகொள்ளும்.

நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது? எதற்கு இந்த மாற்றம்?

கார்டு எண்ணின் பிரச்சினை, அது எங்கும் செல்லும் என்பதுதான். நீங்கள் ஒரு கடையில் கொடுத்த எண், கார்டை ஏற்கும் எந்தக் கடையிலும் வேலை செய்யும். கார்டு காலாவதியாகும் வரை மாறவும் மாறாது. அதே எண்ணைப் பத்து இருபது தளங்களில் சேமித்து வைத்தால், அவற்றில் பாதுகாப்பு எது மட்டமோ அதுதான் உங்கள் கார்டின் பாதுகாப்பு. மற்ற எல்லாரும் ஒழுங்காக இருந்தும் பிரயோசனமில்லை.

இதன் விலை என்ன என்பதை 2007-இல் பார்த்தோம். டிஜேஎக்ஸ் என்ற அமெரிக்க விற்பனை நிறுவனத்தின் கணினிகளுக்குள் 2005-லிருந்தே ஆட்கள் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நிறுவனம் 2007-இல் ஒப்புக்கொண்ட கணக்குப்படி குறைந்தது 4.57 கோடி கார்டுகளின் விவரங்கள் போய்விட்டன. அதில் கவனிக்க வேண்டியது, பரிவர்த்தனை முடிந்து மாதக்கணக்கில் ஆன பழைய எண்களும் அங்கே கிடந்தன என்பது. தேவை முடிந்த பிறகும் எண் உயிரோடு இருந்தது. திருடியவர்கள் அந்தக் கடையில் எதையும் வாங்க வேண்டியதில்லை. வேறு எங்கு வேண்டுமானாலும் போய் வாங்கலாம்.

சிவிவி இல்லாமல் எப்படி வாங்குவார்கள் என்று கேட்கலாம். பணம் கட்டி முடிந்த பிறகு சிவிவியைச் சேமிக்கவே கூடாது என்பது கார்டுத் துறையின் பழைய விதி. ஆனால் எண்ணும் தேதியும் இருந்தாலே ஏற்றுக்கொண்ட கடைகள் உலகில் எப்போதும் இருந்திருக்கின்றன. கள்ளர்களுக்கு அவை போதும்.

கடைகளைப் பார்த்து ‘இன்னும் பத்திரமாக வையுங்கள்’ என்று சொல்லிச் சொல்லி அலுத்த பிறகுதான், திருடினாலும் உதவாத ஒன்றையே வைக்கச் சொல்வோம் என்ற முடிவுக்கு வந்தார்கள். கார்டு நெட்வொர்க்குகள் சேர்ந்து நடத்தும் ஈஎம்விகோ என்ற அமைப்பு 2014-இல் இதற்கான தொழில்நுட்ப விவரக்குறிப்பை வெளியிட்டது. இன்று கடைகளில் இருக்கும் டோக்கன் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததே.

சரி, கடையை உடைத்து டோக்கனைத் திருடிவிட்டால்? அதை வைத்து வாங்க முடியாதா?

மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு திருடன் கையில் நம்முடைய 4999901234567802 கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தேதியும் கிடைத்துவிட்டது. அவன் என்னென்ன செய்து பார்ப்பான்?

முதலில் வேறொரு கடைக்குப் போய், கார்டு எண் கேட்கும் கட்டத்தில் இதைத் தட்டுவான். எண் 16 இலக்கம், சரிபார்ப்புக் கணக்கும் சரி. அதனால் அந்தக் கடையின் பக்கம் மறுக்காது. கோரிக்கை நெட்வொர்க்குக்குப் போகும். அங்கே முன் இலக்கங்களைப் பார்த்ததும் இது டோக்கன் என்று தெரிந்துவிடும். உடனே பெட்டகத்தில் அந்த டோக்கனின் குறிப்பைப் பார்ப்பார்கள்: இது எந்தக் கடைக்காக, யார் கேட்டுக் கொடுத்தது? கோரிக்கை வந்ததோ இன்னொரு கடையிலிருந்து. அங்கேயே நின்றுவிடும். டோக்கன் என்பது கார்டு, டோக்கனைக் கேட்டு வாங்கிய நிறுவனம், கடை ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டுக்குத்தான் செல்லும். மூன்றில் ஒன்று மாறினாலும் அது வெறும் எண்.

அப்புறம் அவன் அதே கடையின் பெயரில் கோரிக்கை அனுப்பப் பார்ப்பான். இங்கே இன்னொரு தடை வருகிறது. வாடிக்கையாளர் பணம் கட்டும் ஒவ்வொரு முறையும் டோக்கனோடு ஒரு சங்கேத மதிப்பு சேர்ந்து போக வேண்டும். இதைத் துறையில் கிரிப்டோகிராம் என்பார்கள். அந்தப் பரிவர்த்தனைக்கென்று அப்போதே உருவாக்கப்படும். ஒரு முறை பயன்பட்டதும் செத்துவிடும். நேற்றைய கிரிப்டோகிராமை இன்று அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். அதைக் கேட்டுப் பெற, டோக்கன் கேட்கும் உரிமை பெற்ற நிறுவனத்தின் அடையாளச் சாவிகள் வேண்டும். அவை வாடிக்கையாளர் பட்டியல் இருக்கும் தரவுத்தளத்தில் இருப்பவை அல்ல, இருக்கவும் கூடாது.

மூன்றாவதாக, டோக்கனிலிருந்து கணக்குப் போட்டு உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்கப் பார்ப்பான். கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை. 4999901234567802-க்கும் 4111111111111111-க்கும் எந்தச் சூத்திர உறவும் கிடையாது. பெட்டகத்தில் இரண்டும் ஒரே வரியில் எழுதியிருக்கிறது, அவ்வளவே.

இனி மிக மோசமான நிலையையும் சொல்லிவிடுகிறேன். டோக்கன்களோடு அந்த அடையாளச் சாவிகளும் போய்விட்டன. கடையின் அமைப்புக்குள்ளிருந்தே கோரிக்கை அனுப்பும் அளவுக்கு ஆள் உள்ளே வந்துவிட்டான். அப்போதும் பணம் போய்ச் சேர்வது அந்தக் கடையின் கணக்குக்குத்தான். பொருளை ஏமாற்றி வாங்கலாம், குழப்பம் செய்யலாம். ஆனால் உங்கள் கார்டை எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. விஷயம் தெரிந்ததும் நெட்வொர்க் அந்த ஒரு கடையின் டோக்கன்களை முடக்கிவிடலாம். உங்கள் கையில் இருக்கும் பிளாஸ்டிக் கார்டை மாற்ற வேண்டியதில்லை, மற்ற தளங்களில் சேமித்ததும் அப்படியே ஓடும். டிஜேஎக்ஸ் காலத்தில் இதே நிலை என்றால் கார்டையே முடக்கிப் புதிதாக அச்சடித்து அனுப்ப வேண்டும்.

நான் ‘பணம் செலுத்து’ பொத்தானை அழுத்தியதும் பின்னால் என்ன ஓடுகிறது?

கடை தன்னிடமுள்ள டோக்கனை எடுத்து, தொகையோடு சேர்த்து, கடைக்காகப் பணம் வசூலித்துத் தரும் இடைநிலை நிறுவனமான பேமெண்ட் கேட்வேயிடம் கொடுக்கும். கேட்வே அதற்கான கிரிப்டோகிராமை நெட்வொர்க்கின் டோக்கன் சேவையிடம் கேட்டு வாங்கி, கடையின் வங்கி வழியாக நெட்வொர்க்குக்கு அனுப்பும். இதுவரை கோரிக்கையில் இருப்பது டோக்கன் மட்டுமே.

நெட்வொர்க் முதலில் கடை சரியானதா, கிரிப்டோகிராம் புதியதா என்று பார்க்கும். பிறகுதான் பெட்டகத்தைத் திறந்து, டோக்கனுக்குப் பதில் உண்மையான கார்டு எண்ணை வைத்து உங்கள் வங்கிக்கு அனுப்பும். உங்கள் வங்கி இருப்பையோ கடன் வரம்பையோ பார்த்துச் சரி என்றோ இல்லை என்றோ சொல்லும். பதில் திரும்பி வரும் வழியில் நெட்வொர்க் மறுபடியும் கார்டு எண்ணை எடுத்துவிட்டு டோக்கனை வைக்கும். ஆக, உங்கள் எண் நெட்வொர்க்குக்கும் உங்கள் வங்கிக்கும் இடையில் மட்டும் நடமாடுகிறது. கடையும் கேட்வேயும் கடையின் வங்கியும் அதைப் பார்ப்பதேயில்லை.

இடையில் ஓடிபி கேட்பது இதிலிருந்து வேறான வேலை. கட்டுவது நீங்கள்தானா என்று உங்கள் வங்கி கேட்பது அது. எண் பத்திரமாக இருக்கிறதா என்பது டோக்கனின் பாடு. இரண்டில் ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

எண்ணை என்கிரிப்ட் செய்து வைத்தால் போதாதா? எதற்கு இவ்வளவு சுற்று?

என்கிரிப்ட் செய்த எண்ணுக்கு ஒரு சாவி உண்டு. கடை மறுபடி அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டுமென்றால் சாவியும் கடையிடமே இருக்க வேண்டும். உள்ளே புகுந்தவன் பெட்டியை எடுத்துக்கொண்டு சாவியை மறந்துவிட்டுப் போவான் என்று எதிர்பார்க்க முடியாது.

‘அப்படியானால் ஹேஷ் செய்து வைக்கலாமே, அதைத் திருப்ப முடியாதே’ என்று சில மென்பொருள் நண்பர்கள் சொல்வதுண்டு. ஹேஷ் என்பது ஓர் எண்ணைச் சூத்திரத்தில் போட்டு எடுக்கும் ஒருவழிக் குறி; அதே எண்ணைப் போட்டால் அதே குறிதான் வரும். கடவுச்சொல்லுக்குச் சரியாக வரும் யோசனை, கார்டு எண்ணில் சறுக்கும். கணக்கைப் பாருங்கள். 16 இலக்கத்தில் முதல் 6 எந்த வங்கியின் எந்த வகைக் கார்டு என்பதைக் காட்டுபவை. அவை ரகசியமே அல்ல. கடைசி 4 இலக்கத்தைக் கடை தன் திரையிலேயே காட்டுகிறது, ஹேஷுக்குப் பக்கத்திலேயே சேமித்தும் வைத்திருக்கும். தெரியாதது நடுவிலுள்ள 6 இலக்கம் மட்டும். அதாவது 10 லட்சம் வாய்ப்புகள். சரிபார்ப்புக் கணக்கில் தேறுபவை அவற்றில் பத்தில் ஒன்றுதான். ஆக 1 லட்சம். ரகசியச் சாவி எதுவும் கலக்காத சாதாரண ஹேஷ் என்றால், ஒரு லட்சத்தையும் போட்டுப் பார்க்க ஒரு மடிக்கணினிக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். எது பொருந்துகிறதோ அதுதான் உங்கள் எண்.

டோக்கனில் இந்த வழி அடைபடுகிறது. லட்சம் எண்களையும் வரிசையாக வைத்துக்கொண்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமில்லை.

முதல் தடவை என் எண்ணை அந்தத் தளத்தில்தானே தட்டுகிறேன்? அப்போது அவர்களுக்குத் தெரிந்துவிடாதா?

நல்ல கேள்வி. டோக்கன் முறையில் மிச்சமிருக்கும் பெரிய ஓட்டையே இதுதான். நீங்கள் எண்ணைத் தட்டும் அந்தக் கட்டம் பெரும்பாலும் கடையுடையதாகத் தெரிந்தாலும் கேட்வேயின் பக்கத்திலிருந்து உள்ளே பதித்ததாக இருக்கும். எண் நேராகக் கேட்வேக்குப் போய், அங்கிருந்து டோக்கன் கேட்கப்படும். ஓடிபி கொடுத்து நீங்கள் சம்மதித்ததும் கடைக்கு டோக்கன் வந்து சேரும். ஒழுங்கான அமைப்பில் கடை உங்கள் எண்ணைத் தொடுவதில்லை.

ஆனால் கடையின் பக்கத்திலேயே யாராவது கள்ள நிரலைச் செருகிவிட்டால், நீங்கள் தட்டத் தட்ட அது எண்ணைப் பிடித்துக்கொள்ளும். 2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸின் தளத்திலும் செயலியிலும் இதுதான் நடந்தது. தளத்தில் செருகப்பட்டிருந்தது வெறும் 22 வரி நிரல். சுமார் 3.8 லட்சம் கட்டணங்களின் விவரம் போனதாக நிறுவனமே முதலில் அறிவித்தது. எண், தேதியோடு சிவிவியும் போயிற்று. சேமித்து வைக்காத சிவிவி எப்படிப் போகும் என்று அப்போது பலர் குழம்பினார்கள். அது சேமித்த இடத்திலிருந்து போகவில்லை. தட்டிய இடத்திலிருந்து போனது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ‘எதற்கு வம்பு’ என்று கார்டைச் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் முழு எண்ணையும் தட்டுகிறவர் இந்த வகைத் திருட்டுக்கு ஒவ்வொரு முறையும் இடம் கொடுக்கிறார். ஒரு முறை தட்டி டோக்கனாக்கியவர் ஒரே முறைதான் கொடுக்கிறார். அடிக்கடி வாங்கும் தளம் என்றால் சேமிப்பதுதான் மேல் என்பது என் கருத்து. ஒரே ஒரு முறை வாங்கப்போகும், பெயரே கேள்விப்படாத தளத்தில் சேமிக்க எந்த அவசியமும் இல்லை.

கடைசி நாலு இலக்கம் தெரிகிறதே, அப்படியானால் என் எண்ணை வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இரண்டு மூன்று கார்டு சேமித்தவருக்கு எது எது என்று அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காக அந்த நாலை மட்டும் தனியாக வைக்க அனுமதி உண்டு. திரையில் தெரியும் நாலு உங்கள் கார்டின் கடைசி நாலு. டோக்கனின் கடைசி நாலு அல்ல. மேலே உதாரணத்தில் 1111 தனி வரியில் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள்.

ஒரே கார்டை ஐந்து தளங்களில் சேமித்தால் ஐந்து டோக்கனா?

ஆமாம், ஐந்தும் வேறு வேறு. ஒன்றை அழித்தால் மற்ற நான்கும் இருக்கும்.

கார்டு எண்ணையே சேமித்த காலத்தில், எந்தெந்தக் கடையில் நம் எண் கிடக்கிறது என்று நமக்கே நினைவிருக்காது, வங்கிக்கும் தெரியாது. டோக்கனுக்குப் பெட்டகத்தில் பதிவு இருப்பதால் பட்டியல் எடுக்க முடியும். இந்தியாவில் கார்டு கொடுத்த வங்கி இந்தப் பட்டியலைக் காட்டியே ஆக வேண்டும், வேண்டாததை நீக்கவும் வழி தர வேண்டும். உங்கள் வங்கியின் செயலியில் கார்டு அமைப்புகளுக்குள் போய், சேமித்த கடைகள் அல்லது டோக்கன் நிர்வாகம் என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு முறை திறந்து பார்த்தால், எப்போதோ ஒரே ஒரு பொருள் வாங்கிவிட்டு மறந்த தளமெல்லாம் வரிசையாக நிற்கும். கடை தன் தளத்தை மூடிவிட்டாலும், உள்ளே நுழையும் கடவுச்சொல்லை நீங்கள் மறந்துவிட்டாலும், வங்கிப் பக்கத்திலிருந்தே டோக்கனை நீக்கிவிடலாம். கடையின் தயவு தேவையில்லை.

கார்டு தொலைந்து புதியது வந்தால் எல்லா இடத்திலும் மறுபடி சேமிக்க வேண்டுமா?

கார்டை முடக்கினால் அதன் டோக்கன்களாலும் பணம் எடுக்க முடியாது. முதல் கவலை அதுவாக இருந்தால் அதை விட்டுவிடலாம்.

புதிய கார்டு வந்ததும் தொழில்நுட்ப ரீதியில் வேலை எளிது. கடையிலுள்ள டோக்கனைத் தொடாமல், பெட்டகத்தில் அதற்கு எதிரே இருக்கும் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். பல நாடுகளில் இது உங்களுக்குத் தெரியாமலேயே நடந்துவிடும். கடைக்குக் கார்டு மாறியதே தெரியாது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதி, புதிய கார்டைப் பழைய கடைகளோடு இணைக்கும் முன் உங்கள் சம்மதத்தை வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என்கிறது. கேட்டால் பட்டியலைப் பார்த்துச் சம்மதியுங்கள்; சம்மதிக்காவிட்டால் கடையில் புதிதாகச் சேமித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சேமித்த கார்டில் கட்டும்போது சில தளங்கள் சிவிவியே கேட்பதில்லை. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கார்டு உங்களிடம் இருக்கிறது என்பதற்கு ஒரு தடயமாகத்தான் சிவிவி வந்தது. அதுவும் மாறாத மூன்று இலக்கம். ஒருவர் கண்ணில் பட்டால் பட்டதுதான். டோக்கனோடு போகும் கிரிப்டோகிராம் ஒவ்வொரு முறையும் மாறுவது, அதை விடப் பல மடங்கு வலுவானது. அது இருக்கும்போது சிவிவி கூடுதலாக ஒன்றும் சேர்ப்பதில்லை. ஆனால் முதல் முறை கார்டைச் சேமிக்கும்போது சிவிவி கேட்பார்கள், அது சரியே.

மாதாமாதம் தானாகப் பிடிக்கும் சந்தாவிலும் இதே பாதுகாப்புதானா?

ஏறக்குறைய. நீங்கள் திரை முன்னால் இல்லாத நேரத்தில் கடையே கோரிக்கை அனுப்புகிறது என்பதால், இவற்றில் ஒவ்வொரு மாதமும் புதிய கிரிப்டோகிராம் கட்டாயமில்லாத ஏற்பாடுகள் உண்டு. முதல் முறை நீங்கள் சம்மதித்த பரிவர்த்தனையைச் சுட்டிக்காட்டிப் பிடிப்பார்கள். கடைக் கட்டுப்பாடு அப்போதும் இருக்கும். அதாவது வேறு கடை அந்த டோக்கனில் கை வைக்க முடியாது. டோக்கனை நீக்கினால் அந்த வழியில் பிடிப்பது நின்றுவிடும், ஆனால் சந்தா ஒப்பந்தம் ரத்தாகிவிட்டதாக அர்த்தமில்லை. சேவையையும் முறைப்படி ரத்து செய்துவிடுங்கள். பாக்கி என்று பிறகு வந்து நிற்பார்கள்.

இந்தியாவில் இது சட்டமா, கடைகளாகச் செய்வதா?

ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கடைகளுக்காகப் பணம் வசூலித்துத் தரும் பேமெண்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்களுக்கு 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல்களிலேயே கடைகள் கார்டு விவரத்தைச் சேமிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 2021 செப்டம்பர் 7 சுற்றறிக்கை, இணையத்தில் சேமிக்கும் கார்டுகளுக்கு டோக்கன் முறையை அனுமதித்தது. அதில் 2022 ஜனவரி 1 என்று கெடு வைத்தார்கள். கடைகளும் வங்கிகளும் தயாராக இல்லை என்று முறையிட, ஜூன் 30, பிறகு செப்டம்பர் 30 என்று தள்ளிப்போய், 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் கார்டு கொடுத்த வங்கியையும் நெட்வொர்க்கையும் தவிர வேறு யாரும் முழு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது.

உங்களைப் பொறுத்தவரை இதில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். டோக்கனாக்க உங்கள் சம்மதம் வேண்டும். பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்து உங்களைத் தள்ளிவிடக் கூடாது, ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பும் வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது. விருப்பமில்லை என்றால் ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்டிக் கட்டிக்கொள்ளலாம், கட்டாயமில்லை. 2023 டிசம்பரில் இன்னொரு வசதியும் சேர்ந்தது: ஒவ்வொரு கடையாகப் போகாமல், வங்கியின் பக்கத்திலிருந்தே பல கடைகளுக்கு ஒரே மூச்சில் டோக்கன் உருவாக்கலாம்.

எங்கள் கேட்வே பல வருடமாக டோக்கன்தான் தருகிறது என்கிறார்கள். இதுவும் அதுவும் ஒன்றா?

சிறு கடை நடத்துகிறவர்களின் கேள்வி இது. ஒன்றல்ல. கேட்வே தானாகக் கொடுக்கும் டோக்கன், அந்தக் கேட்வேக்கு மட்டும் புரியும் ஓர் அடையாளக் குறி. பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். கடையிடம் கார்டு எண் இல்லை என்ற வரை நல்லதுதான். ஆனால் பணம் கட்டும் நேரத்தில் கேட்வே தன் சேமிப்பிலிருந்து உண்மையான எண்ணை எடுத்துத்தான் மேலே அனுப்பும். அதாவது எண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் குடிபெயர்ந்ததே தவிர மறையவில்லை. நெட்வொர்க் கொடுக்கும் டோக்கனில் கேட்வேயிடமும் எண் தங்குவதில்லை. இந்தியாவில் விதி கேட்பது இந்த இரண்டாவதைத்தான்.

‘உங்கள் கார்டை டோக்கனாக்க வேண்டும், ஓடிபி சொல்லுங்கள்’ என்று போன் வந்தது. உண்மையா?

பொய். போனை வைத்துவிடுங்கள். டோக்கன் நீங்கள் கடையில் கட்டும்போதோ வங்கியின் செயலியிலோ நீங்களே தொடங்குவது. யாரும் கூப்பிட்டுச் செய்து தருவதில்லை. அந்த ஓடிபியைக் கொடுத்தால் எதிரே இருப்பவன் தன் சாதனத்திலோ தன் கணக்கிலோ உங்கள் கார்டை முறைப்படி டோக்கனாக்கிக்கொள்வான். அப்புறம் அது அவனுடைய சட்டபூர்வமான டோக்கன் போலவே நடந்துகொள்ளும். கடைக் கட்டுப்பாடும் கிரிப்டோகிராமும் அவனுக்குச் சாதகமாகவே வேலை செய்யும். ஓடிபி வரும் குறுஞ்செய்தியில் அது எதற்கு என்று எழுதியிருக்கும். பணம் கட்டவா, கார்டைச் சேமிக்கவா என்று வாசித்துவிட்டுத் தட்டுங்கள்.

கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே வங்கிச் செயலியின் டோக்கன் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேர்க்காத கடையோ சாதனமோ புதிதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நீக்கிவிட்டு, கார்டையும் முடக்கி, வங்கியில் புகார் பதியுங்கள்.

இதே வகையில் இன்னொன்று, கடையில் நீங்கள் வைத்திருக்கும் கணக்கு. அதன் கடவுச்சொல் வேறொருவருக்குத் தெரிந்தால் அவர் உள்ளே போய், சேமித்த கார்டில் வாங்கப் பார்க்கலாம். கடை சரி, டோக்கன் சரி, கிரிப்டோகிராமும் சரியாக உருவாகும். வங்கி கேட்கும் ஓடிபி மட்டும்தான் குறுக்கே நிற்கும்; ஓடிபி கேட்காத நாடுகளில் அதுவும் இல்லை.

பொருளைத் திருப்பி அனுப்பினால் பணம் டோக்கனுக்கா வரும், கார்டுக்கா?

கடை டோக்கனைக் காட்டித் திருப்பி அனுப்பும். நெட்வொர்க் அதை உண்மையான எண்ணாக மாற்றி உங்கள் வங்கிக்குச் சேர்க்கும். கணக்கு அறிக்கையில் வழக்கம் போல உங்கள் கார்டின் கீழ்தான் தெரியும். வாடிக்கையாளர் சேவையில் கார்டு எண்ணைக் கேட்டால் கடைசி நாலு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு எண் அவர்களுக்குத் தேவைப்படாது, சரிபார்க்க அவர்களிடம் இருக்கவும் இருக்காது.